கடைக்கு வரும் வாடிக்கையாளர் கணக்கு: தப்பான விடையை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் புள்ளியியல் டியூஷன் எடுக்கிறேன். தேர்வு நெருங்கும் மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியில் போட்டோக்கள் வரும். வினாத்தாளையோ நோட்டையோ சாய்வாகப் படம் பிடித்து, கீழே "சார், விடை வரவில்லை" என்று ஒரு வரி. அதில் பாதிக்கு மேல் ஒரே வகைக் கணக்குதான்: கடைக்கு ஆண்கள் இத்தனை பேர் வீதம், பெண்கள் இத்தனை பேர் வீதம், இரண்டும் பாய்சான் பரவல், மொத்தம் என்ன, பிரித்தால் என்ன.

பல வருடங்களாக இதையே பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. மாணவர் அனுப்பும் தப்பான விடை எந்த எண் என்று தெரிந்தால் போதும், எந்த வரியில் பழுது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால் இதைத் தேற்ற வரிசையில் எழுதாமல், கையில் இருக்கும் தப்பான விடையின் வரிசையில் எழுதுகிறேன். உங்கள் எண் எங்கே வருகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

## எடுத்துக்கொண்ட கணக்கு

அடிக்கடி வரும் வடிவத்தில், எண்களை நானே போட்டு வைத்த கணக்கு இது.

ஒரு கடைக்கு ஆண்கள் மணிக்குச் சராசரியாக 4 பேர் வீதமும், பெண்கள் 10 நிமிடத்துக்குச் சராசரியாக ஒருவர் வீதமும் வருகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று சாராத பாய்சான் எண்ணிக்கைகள்.

(அ) அரை மணி நேரத்தில் மொத்தம் சரியாக 3 வாடிக்கையாளர்கள் வர நிகழ்தகவு என்ன?
(ஆ) அரை மணி நேரத்தில் 5 பேர் வந்திருக்கிறார்கள் எனில், அவர்களில் 2 பேர் ஆண்களாக இருக்க நிகழ்தகவு என்ன?
(இ) வருபவர்களில் ஐந்தில் ஒருவர் எதுவும் வாங்காமல் திரும்புகிறார். ஒரு மணி நேரத்தில் அப்படித் திரும்புபவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்க நிகழ்தகவு என்ன?
(ஈ) ஒரு மணி நேரத்தில் 7 ஆண்கள் வந்தார்கள் எனில், அதே நேரத்தில் எத்தனை பெண்களை எதிர்பார்க்கலாம்?

சரியான விடைகள்: 0.1404, 0.3456, 0.1353, 6 பேர். கைப்பேசியில் விரிதாள் செயலி இருந்தால் முதல் மூன்றையும் இப்படிச் சரிபார்க்கலாம்:

```
=POISSON.DIST(3, 5, FALSE)
=BINOM.DIST(2, 5, 0.4, FALSE)
=EXP(-2)
```

## அறிகுறி 1: (அ) விடை 0.2138 அல்லது 0.0076

இதில் சூத்திரம் தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. சராசரி தப்பு. அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

0.2138 என்றால் பெண்களின் வீதத்தை மணிக்கு 1 என்று எடுத்திருக்கிறீர்கள். 4 + 1 = 5, அதில் பாதி 2.5, அதை வைத்துப் போட்டால் 0.2138 வரும். போட்டோவை விரல் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். "10 நிமிடத்துக்கு" என்ற சொல் தாளின் மடிப்பிலோ கைப்பேசியின் நிழலிலோ மறைந்திருக்கும். எனக்கு வந்த போட்டோக்களில் அதிகம் காணாமல் போவது எண்களைவிட இந்த நேர அலகுதான். எண் மங்கலாக இருந்தால் மாணவர் கவனித்து மறுபடி எடுப்பார். அலகு மறைந்துபோனால் வாக்கியம் அது இல்லாமலேயே முழுமையாகத் தெரியும், சந்தேகமே வராது.

0.0076 என்றால் வீதங்கள் சரி, மணிக்கு 4 + 6 = 10 சரி, ஆனால் கேள்வி அரை மணி நேரத்துக்கு என்பதை விட்டுவிட்டீர்கள். சராசரி 5 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 10 நிற்கிறது.

இரண்டுக்கும் ஒரே மருந்துதான். சூத்திரத்தைத் தொடும் முன்பு ஒரு ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: "30 நிமிடத்தில் ஆண்கள் 2, பெண்கள் 3." கேள்வியில் உள்ள கால அளவுக்கு இரண்டு சராசரிகளையும் கொண்டுவந்த பிறகுதான் கூட்டல். வெவ்வேறு கால அளவில் உள்ள சராசரிகளைக் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

### கிளை: (அ) சரியாக வந்தது, (ஆ) மட்டும் 0.0512

இந்தப் பழுது எளிதில் கண்ணில் படாது. (அ) சரி என்பதால் மாணவர் சராசரியைச் சந்தேகிக்கவே மாட்டார். (ஆ)வின் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பார்.

நடந்தது இதுதான். "10 நிமிடத்துக்கு" என்பதும் விட்டுப்போயிற்று, "அரை மணி" என்பதும் விட்டுப்போயிற்று. 4 + 1 = 5. சரியான வழியிலும் 2 + 3 = 5. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மொத்தம் சரியாக வந்துவிட்டது. மொத்தத்தை மட்டும் கேட்கும் (அ)வில் இது வெளியே தெரியாது. ஆனால் (ஆ)வுக்கு ஆண்களின் பங்கு வேண்டும். சரியான பங்கு 2/5. இந்த மாணவரிடம் இருப்பது 4/5. அதனால் 0.3456க்குப் பதில் 0.0512.

கூட்டும்போது தெரியாத அலகுத் தப்பு பிரிக்கும்போது தெரியும். ஆகவே (ஆ) மட்டும் தப்பினால், முதலில் பங்கை எழுதிப் பாருங்கள். பெண்கள் அதிகம் வரும் கடையில் ஆண்களின் பங்கு 0.8 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் போட்டோவுக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 2: (அ) விடை 0.0606, 0.1011 அல்லது 0.4045

இங்கே சராசரிகள் 2, 3 சரியாக இருக்கின்றன. அவற்றை மொத்தமாகச் சேர்க்கும் இடத்தில்தான் பழுது.

0.0606: மூன்று பேர் என்றால் "ஒரு ஆண், இரண்டு பெண்கள்" என்று ஒரே ஒரு வழியை மட்டும் எடுத்துப் பெருக்கியிருக்கிறீர்கள்: 0.2707 × 0.2240. சராசரிக்கு நெருக்கமான பிரிவு என்பதால் மனம் தானாக அதைத்தான் பிடிக்கிறது. ஆனால் மூன்று பேர் வர நான்கு வழிகள் உண்டு.

| ஆண் | பெண் | பெருக்கல் | விடை |
|---|---|---|---|
| 0 | 3 | 0.1353 × 0.2240 | 0.0303 |
| 1 | 2 | 0.2707 × 0.2240 | 0.0606 |
| 2 | 1 | 0.2707 × 0.1494 | 0.0404 |
| 3 | 0 | 0.1804 × 0.0498 | 0.0090 |

நான்கையும் கூட்டினால் 0.1404 வருகிறது (கடைசி இலக்கத்தில் ஒன்று முன்பின் ஆவது தோராயத்தால்). சராசரி 5 உள்ள ஒரே பாய்சான் பரவலில் 3க்கான நிகழ்தகவும் இதேதான். கூட்டல் பண்பு என்பது இந்த அட்டவணையை ஒரே வரியில் முடிக்கும் குறுக்குவழி. அதை நம்ப முடியாவிட்டால் ஒரு தடவை இந்த நான்கு வரிகளையும் கையால் போட்டுப் பாருங்கள்; அப்புறம் அட்டவணை தேவைப்படாது.

0.1011: அட்டவணை போட்டிருக்கிறீர்கள், ஆனால் பூஜ்யம் உள்ள இரண்டு வரிகளையும் விட்டுவிட்டீர்கள். "ஆண்களே வரவில்லை" என்பதும் ஒரு வழிதான். சோதிப்பது எளிது: மொத்தம் 3 என்றால் 4 வரிகள் இருக்க வேண்டும், மொத்தம் 8 என்றால் 9 வரிகள். எப்போதும் ஒன்று கூடுதல்.

0.4045: சராசரிகளைக் கூட்டுவதற்குப் பதில் நிகழ்தகவுகளைக் கூட்டிவிட்டீர்கள்: "3 ஆண்கள் வர 0.1804, 3 பெண்கள் வர 0.2240, ஆகவே 0.4045." இப்படிச் செய்யும் மாணவரிடம் நான் திட்டுவதில்லை, 1, 2, 3 ஆகிய மூன்று மொத்தங்களுக்கும் இதே முறையில் போட்டுவரச் சொல்வேன். 0.4200, 0.4947, 0.4045 என்று வரும். மூன்றையும் கூட்டினால் 1.3192. மூன்று சாத்தியங்களுக்கே ஒன்றைத் தாண்டிவிட்டது. முறை தப்பு என்பதை அவர்களே அந்த இடத்தில் பிடித்துவிடுகிறார்கள்.

### கிளை: கேள்வியில் கூட்டல் இல்லை, கழித்தல் இருக்கிறது

"பெண்கள் ஆண்களைவிட எத்தனை பேர் அதிகம்" என்று கேட்டால் கூட்டல் பண்பைத் தொடாதீர்கள். பாய்சான் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, வித்தியாசம் போகும். மணிக்கணக்கில் வித்தியாசத்தின் சராசரி 6 − 4 = 2, பரவற்படி 6 + 4 = 10. சராசரியும் பரவற்படியும் சமமாக இல்லை என்பதே இது பாய்சான் இல்லை என்பதற்குப் போதுமான அடையாளம். ஒவ்வொரு ஆணும் இரண்டு பை வாங்குகிறார் என்று இரட்டிப்பாக்கினாலும் இதே கதைதான்.

## அறிகுறி 3: (ஆ) விடை 0.2707 அல்லது 0.0606

0.2707: "5 பேர் வந்திருக்கிறார்கள்" என்ற தகவலைப் பயன்படுத்தவே இல்லை. ஆண்கள் சராசரி 2 என்று வைத்து, 2 ஆண்கள் வர பாய்சான் நிகழ்தகவைப் போட்டுவிட்டீர்கள்.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. அதே பாய்சான் பரவலில் 0 முதல் 5 ஆண்கள் வரைக்கும் போட்டுக் கூட்டுங்கள். 0.9834 வரும். மீதி 0.0166 எங்கே? ஆறு ஆண்கள், ஏழு ஆண்கள் என்று மேலே போகும் நிலைகளில் இருக்கிறது. வந்ததே ஐந்து பேர். ஐந்து பேருக்குள் ஆறு ஆண்கள் இருக்க முடியாது. ஆனால் நீங்கள் எடுத்த பரவல் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. மொத்தம் தெரிந்துவிட்டால் மேல் எல்லை வந்துவிடுகிறது. மேல் எல்லை உள்ள இடத்தில் பாய்சான் பொருந்தாது, ஈருறுப்புப் பரவல்தான்.

வந்த ஐந்து பேரில் ஒவ்வொருவரும் ஆணாக இருக்க வாய்ப்பு 2/5. ஆகவே 10 × 0.4² × 0.6³ = 0.3456. இங்கே 4/10 என்று மணிக்கணக்கில் எடுத்தாலும் அதே பங்குதான். அலகுகள் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும்வரை கால அளவு பங்கைப் பாதிக்காது.

0.0606: இது இன்னொரு வகை. "2 ஆண்களும் 3 பெண்களும்" என்று சரியாகவே பெருக்கியிருக்கிறீர்கள்: 0.2707 × 0.2240. ஆனால் கேள்வியில் "5 பேர் வந்திருக்கிறார்கள் எனில்" என்று இருக்கிறது. மொத்தம் 5 பேர் வரும் நிகழ்தகவு 0.1755. அதால் வகுக்க வேண்டும். 0.0606 ÷ 0.1755 = 0.3456 (நான்கு இலக்கத்தோடு நிறுத்தினால் 0.3453 என்று வரும், கணக்கியில் முழு எண்ணையும் விட்டுவையுங்கள்). ஈருறுப்பு விடையும் இதுவும் ஒன்றே என்பதைப் பார்த்தபின் மாணவர்களுக்கு வரும் நிம்மதி எனக்குப் பிடிக்கும்.

கவனிக்க: அறிகுறி 2லும் இதே 0.0606 வந்தது. எழுத்துப்பிழை இல்லை. சராசரி முழு எண்ணாக இருக்கும்போது பாய்சான் பரவலில் அந்த எண்ணுக்கும் அதற்கு முந்தைய எண்ணுக்கும் நிகழ்தகவு சமம். ஆண்களில் 1க்கும் 2க்கும் ஒரே 0.2707, பெண்களில் 2க்கும் 3க்கும் ஒரே 0.2240. அதனால் (அ)வின் தப்பும் (ஆ)வின் தப்பும் ஒரே எண்ணில் போய் நிற்கின்றன. எனக்கு விடையை மட்டும் அனுப்பினால் எந்தப் பிரிவு என்று கட்டாயம் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

## அறிகுறி 4: (இ) விடை 0.1074, 0.3679 அல்லது 0.0003

கடைசி இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். 0.3679 என்றால் (அ), (ஆ)வில் இருந்த அரை மணியை இங்கேயும் கொண்டுவந்துவிட்டீர்கள். (இ) ஒரு மணி நேரத்துக்கு. 0.0003 என்றால் வாங்காதவர்களுக்குப் பதில் வாங்குபவர்களின் சராசரி 8ஐப் போட்டுவிட்டீர்கள்.

0.1074 தான் நேரம் கேட்கும் பழுது. இது 0.8¹⁰. மாணவரின் வழி இப்படி: மணிக்குச் சராசரி 10 பேர், ஒவ்வொருவரும் வாங்க வாய்ப்பு 0.8, ஆகவே பத்துப் பேரும் வாங்க 0.8¹⁰. கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது, விடையும் 0.1353க்குக் கொஞ்சம் பக்கத்தில்தான். அதனால் "தோராயத் தப்பு" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது.

சராசரி 10 என்பது பத்துப் பேர் வருகிறார்கள் என்று ஆகாது. ஒரு மணியில் 5 பேர் வரலாம், இன்னொரு மணியில் 15 பேர். 5 பேர் வந்தால் எல்லோரும் வாங்க 0.8⁵ = 0.3277. 15 பேர் வந்தால் 0.8¹⁵ = 0.0352. இரண்டுக்கும் சராசரி 0.1814. பத்துப் பேருக்கான 0.1074ஐவிட இது நன்றாகவே அதிகம். கூட்டம் குறைந்த மணிகள் கொடுக்கும் லாபம் கூட்டம் கூடிய மணிகள் எடுக்கும் நஷ்டத்தைவிடப் பெரிது. வரும் எண்ணிக்கை நிலையாக இல்லாத கடையில் சரியான விடை 0.1074ஐவிட மேலேதான் இருக்கும்.

சரியான வழி இதைவிடச் சுலபம். பாய்சான் வரவை வகை பிரித்தால் ஒவ்வொரு வகையும் தனித்தனிப் பாய்சான். வாங்காமல் திரும்புபவர்களின் சராசரி 10 × 1/5 = 2. ஒருவரும் இல்லாமல் இருக்க e^(-2) = 0.1353. முடிந்தது.

### கிளை: திரும்பும் விகிதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு

சில வினாத்தாள்களில் "ஆண்களில் நான்கில் ஒருவர், பெண்களில் ஆறில் ஒருவர் வாங்காமல் திரும்புகிறார்" என்று இருக்கும். இங்கே 1/4க்கும் 1/6க்கும் நேர் சராசரி எடுத்து 5/24 என்று போட்டால் விடை 0.1245 ஆகிவிடும். அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் தனித்தனியாகப் பிரியுங்கள்: 4 × 1/4 = 1, 6 × 1/6 = 1. பிறகு கூட்டுங்கள்: 2. மறுபடியும் 0.1353. முதலில் பிரித்து, பிறகு கூட்டினால் எத்தனை வகை இருந்தாலும் குழப்பம் வராது.

## அறிகுறி 5: (ஈ) விடை 3 அல்லது 10.5

மற்றப் பிரிவுகளில் சரியாகப் போடுபவர்களும் இங்கே நிற்கிறார்கள். கணக்கு என்று ஒன்றும் இல்லாததால்தான் இப்படி.

3 என்றால் மொத்தம் 10 என்று உறுதியாகத் தெரிந்ததுபோல எடுத்துக்கொண்டு 10 − 7 போட்டிருக்கிறீர்கள். கேள்வியை மறுபடி படியுங்கள். 10 என்பது சராசரி. அந்த மணியில் மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

10.5 என்றால் எதிர்த்திசையில் போயிருக்கிறீர்கள்: ஆண்கள் வழக்கத்தைவிட அதிகம், ஆகவே இன்று கூட்டம் அதிகம், அதே விகிதத்தில் பெண்களும் 7 × 6/4. கடை வைத்திருப்பவரின் அனுபவம் இப்படித்தான் சொல்லும், ஆனால் கணக்கில் கொடுத்திருப்பது அதை அனுமதிக்கவில்லை. இரண்டு எண்ணிக்கைகளும் ஒன்றையொன்று சாராதவை. ஆண்கள் 7 பேர் வந்தாலும், ஒருவரும் வராவிட்டாலும், பெண்களின் எதிர்பார்ப்பு 6தான்.

உங்கள் கணக்கில் இரண்டு வீதங்கள் தனித்தனியாகக் கொடுக்கப்படாமல், "மணிக்கு மொத்தம் 10 பேர், அதில் 40 சதவீதம் ஆண்கள்" என்று இருந்தாலும் விடை 6தான். இந்த இடத்தில் மாணவர்கள் என்னோடு வாதாடுவார்கள்: "ஒரே கூட்டத்தைத்தானே பிரித்தோம், ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைய வேண்டாமா?" மொத்தம் நிலையாக இருந்தால் குறையும். காலையில் சரியாக 10 டோக்கன் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தும் கடையில் 7 ஆண்கள் என்றால் 3 பெண்கள்தான். பாய்சான் வரவில் மொத்தமே ஊசலாடுகிறது. 7 ஆண்கள் என்ற செய்தி "இன்று கூட்டம் அதிகமாக இருக்கலாம்" என்று பெண்களின் எண்ணிக்கையைத் தூக்குகிறது. "வந்தவர்களில் பெரும்பங்கு ஆண்கள்" என்று அதே அளவு இறக்குகிறது. பாய்சானில் இந்த இரண்டும் மிகச் சரியாகச் சமமாகிவிடுகின்றன.

சோதிக்க ஒரே கேள்வி போதும்: மொத்தம் தெரிந்த எண்ணா, சராசரியா? தெரிந்த எண் என்றால் ஈருறுப்பு, ஒன்று கூடினால் மற்றது குறையும். சராசரி மட்டும் என்றால் இரண்டு தனிப் பாய்சான்கள், ஒன்றுக்கு மற்றதைப் பற்றி எதுவும் தெரியாது. (ஆ)வும் (ஈ)யும் ஒரே தாளில் அடுத்தடுத்து வருவது இந்த வித்தியாசத்தைச் சோதிக்கத்தான்.

## அறிகுறி 6: கணக்கு எல்லாம் சரி, கடையின் எண்ணிக்கைதான் ஒத்துப்போகவில்லை

இது ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு வரும் பழுது. ஒரு மாணவி தன் அப்பாவின் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து, தினமும் ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்களை எண்ணி, நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். முதல் நாள் 4, 9, 3, 18, 16. இரண்டாம் நாள் 5, 8, 8, 12, 17. சராசரி 10. பரவற்படி 30.2. பாய்சான் என்றால் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இங்கே மூன்று மடங்கு. எண்ணியதில் தப்பு என்று நினைத்து மறுபடி எண்ணப் போகிறேன் என்றார். போக வேண்டாம் என்றேன்.

பத்து எண்களில் இந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டிச் சராசரியால் வகுங்கள்: 272 ÷ 10 = 27.2. பாகைச் சுதந்திரம் 9 உள்ள கை-வர்க்க அட்டவணையில் 5 சதவீத எல்லை 16.92. அதைத் தாண்டிவிட்டது. ஆகவே தற்செயல் என்று தள்ளிவிட முடியாது, காரணம் தேட வேண்டும். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

நேரம் கலந்திருக்கிறதா? தினமும் முதல் மூன்று மணி பகல், பின் இரண்டு மணி மாலை. பிரித்துப் பார்த்தோம். பகல்: 4, 9, 3, 5, 8, 8. சராசரி 6.17, பரவற்படியும் 6.17. மாலை: 18, 16, 12, 17. சராசரி 15.75, பரவற்படி 6.92, நான்கே எண்கள் என்பதால் இந்தக் குறைவைப் பெரிதாக எடுக்க வேண்டாம். பழுது கிடைத்துவிட்டது. எண்ணியது சரி, வீதம்தான் இரண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பலர் இதில் வழுக்குகிறார்கள். பகல் எண்ணிக்கையையும் மாலை எண்ணிக்கையையும் கூட்டி ஒரு நாளின் மொத்தம் எடுத்தால் அது பாய்சான்தான். வீதங்கள் வேறாக இருப்பது கூட்டல் பண்பைக் கெடுக்காது. ஆனால் பகல் மணிகளையும் மாலை மணிகளையும் ஒரே பட்டியலில் கலந்து "ஒரு மணி நேரம்" என்று எடுத்தால் அது பாய்சான் ஆகாது. கூட்டுவது வேறு, கலப்பது வேறு.

குழுவாக வருகிறார்களா? நேரத்தைப் பிரித்தும் பரவற்படி அதிகமாகவே நின்றால் அடுத்த சந்தேகம் இது. கணவன் மனைவியாக மட்டுமே வாடிக்கையாளர்கள் வரும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் சராசரி 5 ஜோடிகள். தலைகளை எண்ணினால் சராசரி 10, பரவற்படி 20. ஆண்கள் 7 என்றால் பெண்களும் 7. (ஈ)யின் விடையே மாறிப்போகிறது. இதற்குத் தீர்வு, தலைக்குப் பதில் குழுவை எண்ணுவது. குழுக்கள் பாய்சானாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. துணிக்கடை, நகைக்கடை என்றால் நான் முதலிலேயே இதைச் செய்யச் சொல்வேன். பெட்டிக்கடைக்கு அவ்வளவு தேவைப்படாது.

வருபவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து முடிவெடுக்கிறார்களா? பில் போடும் இடத்தில் வரிசை நீண்டால் வாங்காமல் திரும்புபவர்கள் கூடுவார்கள். அப்போது "ஐந்தில் ஒருவர்" என்பது ஆளுக்கு ஆள் தனியாக நடப்பதில்லை, கூட்டத்தைப் பொறுத்து மாறுகிறது. பிரிக்கும் விதி இங்கே பொருந்தாது. சோதிக்க, கூட்டம் குறைந்த மணிகளிலும் கூடிய மணிகளிலும் திரும்பும் விகிதத்தைத் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள்.

## எப்போது ஆசிரியரிடம், எப்போது புள்ளியியல் வல்லுநரிடம்

வினாத்தாள் கணக்கு என்றால், 1 முதல் 5 வரை பார்த்தும் உங்கள் எண் எதிலும் வரவில்லை என்றால் போட்டோவையும் நீங்கள் எழுதிய எல்லா வரிகளையும் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். விடையை மட்டும் அனுப்பினால் அவருக்கும் ஊகம்தான். கேள்வியில் "ஒன்றையொன்று சாராத" என்ற சொல் எங்குமே இல்லை என்றால் போடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அது போட்டோவில் வெட்டுப்பட்டிருக்கலாம். உண்மையிலேயே கொடுக்கப்படாமலும் இருக்கலாம். இல்லாமல் போட்டால் (அ) முதல் (ஈ) வரை எதற்கும் இந்த விடைகள் நிற்காது.

கடையின் உண்மையான எண்ணிக்கை என்றால், நேரத்தைப் பிரித்து, குழுவாக எண்ணி, அதற்குப் பிறகும் விலகல் வர்க்கங்களின் கூட்டலைச் சராசரியால் வகுத்த எண் கை-வர்க்க அட்டவணை எல்லையைத் தாண்டினால் கல்லூரிப் புள்ளியியல் துறையில் ஒருவரைப் பாருங்கள். வரிசையைப் பார்த்து ஆட்கள் திரும்பும் கடையாக இருந்தால் அதற்குக் காத்திருக்க வேண்டாம், நேரே போய்விடுங்கள். அங்கே வேறு மாதிரிகள் வேண்டும், டியூஷன் நோட்டில் அவை கிடையாது. எத்தனை பில் மேசை போடுவது, எத்தனை ஆளை வேலைக்கு வைப்பது என்று இந்த எண்ணை நம்பிப் பணம் செலவாகப்போகிறது என்றாலும் அப்படியே.

போகும்போது மணிக்கு இத்தனை பேர் என்ற மொத்தங்களை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி: வந்த நேரம், குழுவில் எத்தனை பேர், அவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, வாங்கினார்களா இல்லையா, அப்போது வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள். அந்த மாணவி மூன்றாம் நாள் இப்படித்தான் எண்ணினார். நோட்டைத் தரையில் விரித்து, நிழல் விழாமல், நேர் மேலேயிருந்து படம் பிடித்து அனுப்பினார்.